"ஸஹ்" பன்மையில் மாறாதாம். அப்படியானால் "ஹாஉம்" மட்டும் எப்படி மாறியது?

தாமத_மாணவன்
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வயசு 46. ஞாயிற்றுக்கிழமை அரபு வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். போன வாரத் தேர்வில் "பிள்ளைகளே, பேசாமல் இருங்கள்" என்பதை அரபியில் எழுதச் சொன்னார்கள். ஒருவனுக்கு "உக்துப்", பலருக்கு "உக்துபூ" என்று படித்த தைரியத்தில் பேசாதே என்கிற "ஸஹ்" என்பதற்குப் பன்மை கட்டி "ஸஹூ யா அவ்லாத்" என்று எழுதிவிட்டேன். சிவப்பு மையில் பெரிய வட்டம். "இது இஸ்மு ஃபிஃல், வினை போலப் பொருள் தருகிற பெயர். மாறாது. ஆணானாலும் பெண்ணானாலும், ஒருவரானாலும் நூறு பேரானாலும் ஸஹ்தான்" என்றார் வாத்தியார். ஒத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி குர்ஆனில் அல்ஹாக்கா சூரா ஓதிக்கொண்டிருக்கும்போது 19வது வசனத்தில் நின்றுவிட்டேன். வலது கையில் ஏடு கொடுக்கப்பட்டவன் சந்தோஷத்தில் சொல்கிறான்: "ஹாஉமுக்ரஊ கிதாபியஹ்". இந்தாருங்கள், என் ஏட்டைப் படியுங்கள். என் பாடப்புத்தகத்தில் இந்த "ஹாஉம்" இஸ்மு ஃபிஃல் பட்டியலில் இருக்கிறது. அது பன்மை. ஒருவனுக்கு "ஹாஅ", பெண்ணுக்கு "ஹாஇ" என்று அங்கேயே போட்டிருக்கிறது. மாறாத இனம் என்று சொல்லிவிட்டு இது மட்டும் எப்படி மாறுகிறது? வாத்தியாரிடம் கேட்டால் "குர்ஆனில் அப்படித்தான்" என்கிறார். மார்க் போனது போகட்டும், காரணம் வேண்டும்.

ரஃபீக்_துபாய்
சகோ, இவ்வளவு குழப்பமே வேண்டாம். "இஸ்மு ஃபிஃல்" என்றால் நேரடியாக "வினையின் பெயர்". அதாவது மஸ்தர். எழுதினான் என்பது வினை, எழுத்து என்பது அதன் பெயர். அதே மாதிரி ஸஹ் என்றால் மௌனம். "மௌனம்!" என்று சொன்னால் எல்லாருக்கும் பொருந்தும், அதனால் பன்மை தேவைப்படவில்லை. 12 வருஷமாக அரபிகளோடு வேலை, இதெல்லாம் அனுபவத்தில் வருவது.

பழைய_கிதாபு
ரஃபீக் பாய், அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் இரண்டு சரக்கை ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள். மௌனத்துக்கு மஸ்தர் "ஸுகூத்". அதை "ஸுகூத்துன் தவீலுன்" என்று நீட்டலாம், "அஸ்ஸுகூத்" என்று அலிஃப் லாம் சேர்க்கலாம், எழுவாயாக உட்கார வைக்கலாம். ஸஹ்ஹுக்கு இதில் ஒன்றும் நடக்காது. மஸ்தர் செயலுக்குப் பெயர். இஸ்மு ஃபிஃல் வினைச்சொல்லுக்கே பெயர். "உஸ்குத்" என்று ஒரு சொல் இருக்கிறதே, அந்தச் சொல்லுக்கு வைத்த பெயர் ஸஹ் என்பது பழைய பஸரா ஊர் இலக்கணக்காரர்கள் சொன்ன விளக்கம்.

ஆனால் நீங்கள் முழுக்கத் தப்பும் இல்லை. இந்தக் கூட்டத்தில் சில பேர் மஸ்தர் வீட்டிலிருந்து வந்தவர்கள். "ருவைத" அப்படி ஒன்று, மெதுவாக என்று பொருள். நபி (ஸல்) அவர்கள் ஒட்டகம் ஓட்டிய அன்ஜஷாவிடம், பெண்கள் ஏறியிருக்கிறார்கள், நிதானம் என்று சொல்லும்போது "ருவைதக யா அன்ஜஷா" என்றார்கள். "ருவைத ஸைதன்" என்று ஸைதுக்கு இரண்டாம் வேற்றுமை போன்ற நஸ்பு கொடுத்தால் அது இஸ்மு ஃபிஃல், ஸைதை விட்டுப் பிடி என்று அர்த்தம். "ருவைத ஸைதின்" என்று ஆறாம் வேற்றுமை போன்ற ஜர்ரு கொடுத்தால் அது ஸைதோடு சேர்ந்து நிற்கிற, இளாஃபத்தான மஸ்தர். சொல் ஒன்றுதான், அடுத்த சொல்லின் கடைசி எழுத்தில் சாதி மாறிவிடுகிறது. அத்தாரிக் சூராவின் கடைசிச் சொல் "ருவைதா"வைக் காட்டி இஸ்மு ஃபிஃல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது இந்தக் கணக்கில் சேராது.

மாணவன் தம்பி கேட்டது நல்ல கேள்வி. ளுஹர் தொழுதுவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஹாயில்_கண்ணன்
நான் அரபி படித்தவன் இல்லை. ஹாயில் பக்கம் ஒரு பண்ணையில் நாலு வருஷம் ஒட்டகம் மேய்த்தேன். பழைய கிதாபு ஐயா ஒட்டகம் என்றதும் நினைவு வந்தது. ஒட்டகத்தை உட்கார வைக்க "இஃக், இஃக்" என்போம். தொண்டைக்கு உள்ளே காறுகிற மாதிரி. கயிற்றைக் கீழே இழுத்துக்கொண்டே சொல்ல வேண்டும். முதலில் முன்கால் மடியும், அப்புறம் பின்கால், அப்புறம் மறுபடி முன்பக்கம் சரியும். நான் முதல் மாசம் "உட்கார்" என்பதற்கான அரபி வார்த்தையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போய் "இஜ்லிஸ், இஜ்லிஸ்" என்று கத்தினேன். ஒட்டகம் என்னைப் பார்த்துக்கொண்டே அசை போட்டது. முதலாளியின் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். இந்த "இஃக்" நீங்கள் பேசுகிற சங்கதியில் சேருமா, இல்லை வெறும் சத்தமா?

பழைய_கிதாபு
கண்ணன் தம்பி, அந்த இஃக்குக்கு 1400 வருஷ ஆதாரம் இருக்கிறது. அபூபக்ர் (ரலி) அவர்களின் மகள் அஸ்மா (ரலி) சொல்லும் ஹதீஸ் புகாரியில் வருகிறது. அவர்கள் தலையில் பேரீச்சங்கொட்டை சுமந்து நடந்து வரும்போது வழியில் நபி (ஸல்) அவர்கள் பார்த்து, தமக்குப் பின்னால் ஏற்றிக்கொள்வதற்காக ஒட்டகத்தைப் படுக்க வைக்க "இஃக் இஃக்" என்றார்கள். நீங்கள் ஹாயிலில் சொன்னது அதே சொல். அது எந்தப் பையில் சேரும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதில் ஒரு முடிச்சு இருக்கிறது.

முதலில் ஹாஉம். ஒரு வினைக்குப் பன்மை வரும்போது என்ன ஒட்டுகிறது? உக்துபூவில் ஒட்டியது வாவு. அந்த வாவு வெறும் அடையாளம் இல்லை, அதுதான் எழுதுகிற ஆட்கள், ஃபாயில். உக்துபீயில் யா, எழுதுகிற பெண். வினையின் வயிற்றுக்குள் செய்கிறவன் உட்கார்ந்திருக்கிறான். இப்போது ஹாஉமைப் பாருங்கள். இது வினையாக இருந்தால் "ஹாஊ" என்று வாவில் முடிந்திருக்க வேண்டும். அப்படி முடியவில்லை. "உம்" என்று முடிகிறது. எதைப் போல? "கிதாபுகும்" என்பதில் வருகிற "கும்" போல. ஒருவனுக்கு "ஹாக்க", பெண்ணுக்கு "ஹாக்கி", பலருக்கு "ஹாக்கும்" என்று சொல்வதும் உண்டு. அந்தக் காஃபின் இடத்தில் ஹம்ஸா வந்து நின்று, அதன் வேலையைத் தானே பார்க்கிறது: ஹாஅ, ஹாஇ, ஹாஉமா, ஹாஉம், ஹாஉன்ன. ஆக மாறுவது செய்கிறவன் இல்லை. யாரைப் பார்த்துப் பேசுகிறோம் என்கிற முகவரி மட்டும்தான் மாறுகிறது. உள்ளே இருக்கிற "ஹா" அசையவே இல்லை.

தாமத_மாணவன்
ஹஜ்ரத், பாதி புரிந்தது. செய்கிறவனும் பேசப்படுகிறவனும் ஒரே ஆள்தானே? இந்தா என்று யாரிடம் சொல்கிறோமோ அவர்தானே வாங்குகிறார். அப்புறம் எப்படி அது முகவரி, இது ஃபாயில் என்று பிரிப்பது?

இலக்கண_டீச்சர்
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எனக்கு அரபி எழுத்துகூட முழுசாகத் தெரியாது, தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். ஆனால் இந்தக் கேள்விக்கு உங்கள் வாயிலேயே பதில் இருக்கிறது. "இந்தா" என்கிறீர்கள். பெரியவரிடம் கொடுக்கும்போது "இந்தாங்க". இந்த "ங்க"வைப் பார்த்து இந்தா ஒரு வினை என்று சொல்லிவிடலாமா? அதே "ங்க" "சரிங்க"வில் இருக்கிறது, "இல்லைங்க"வில் இருக்கிறது, "ஆமாங்க"வில் இருக்கிறது. "நூறு ரூபாய்ங்க" என்று ரூபாயிலும் ஒட்டுகிறது. அதனால் ரூபாய் வினையாகிவிடவில்லை. எதிரில் நிற்பவர் யார் என்று மட்டும் அது காட்டுகிறது.

வினை என்றால் அது காலம் காட்ட வேண்டும், எச்சமாக வேண்டும். "வாங்கிக்கொள்" என்றால் வாங்கினான், வாங்கிய, வாங்கி எல்லாம் வரும். "இந்தா"வை வைத்துக்கொண்டு "இந்தினான்" என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் ஹாஉமும் அப்படித்தான் போலிருக்கிறது.

பழைய_கிதாபு
அம்மா, நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு இதை விளக்கியிருக்கிறேன், "சரிங்க" எனக்குத் தோன்றவே இல்லை. இனிமேல் உங்கள் உதாரணத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

ரஃபீக்_துபாய்
அப்படியானால் "ஹாத்தி"? இங்கே தினம் கேட்கிறேன், "ஹாத்" என்றால் கொடு. அதுவும் வினை மாதிரி இல்லை, இறந்த காலம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதுவும் இஸ்மு ஃபிஃல்தானே?

பழைய_கிதாபு
நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். இலக்கண மேதை ஸமக்ஷரீ அதை இஸ்மு ஃபிஃல் என்றே சொன்னார். பெரும்பாலோர் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம், அதில் ஒட்டுவது நிஜ வாவு. "ஹாத்தூ புர்ஹானகும்" என்று அல்பகராவில் 111வது வசனம். பெண்ணுக்கு "ஹாத்தீ". வாவும் யாவும் உள்ளே போய் உட்காருகிறதென்றால் அது வினையின் வீடு. "தஆல", "தஆலவ்" அதே கதை.

இதைவிட அழகான கேஸ் "ஹலும்ம", வா என்று பொருள். அஹ்ஸாப் சூராவில் 18வது வசனத்தில் சில பேர் தங்கள் சகோதரர்களிடம் சொல்கிறார்கள்: "ஹலும்ம இலைனா". சகோதரர்கள் பல பேர், ஆனால் சொல் ஒருமையிலேயே நிற்கிறது. அது ஹிஜாஸ்காரர்கள் பேச்சு. பனூ தமீம் அதே சொல்லை "ஹலும்மூ", "ஹலும்மீ" என்று வாவும் யாவும் போட்டு மாற்றுவார்கள். ஆகவே ஹிஜாஸில் அது இஸ்மு ஃபிஃல், தமீமில் வினை. ஒரே சொல், கோத்திரம் மாறினால் இலக்கணம் மாறுகிறது. மாணவன் தம்பி, ஸஹ்ஹை இப்படி மாற்றுகிற கோத்திரம் இருந்திருந்தால் உங்களுக்கு மார்க் கிடைத்திருக்கும்.

தாமத_மாணவன்
ஹாஹா. கோத்திரம் தேடிப் பார்க்கிறேன் ஹஜ்ரத். இன்னொன்று: புத்தகத்தில் "ஸஹ்" என்றும் "ஸஹின்" என்றும் இரண்டு விதமாக இருக்கிறது. அச்சுப் பிழையா?

ரஃபீக்_துபாய்
இது எனக்குத் தெரியும். கடைசியில் "ன்" ஒலிக்கிற தன்வீன் வந்தால் நகிரா, பொதுவானது. வராவிட்டால் மஃரிஃபா, குறிப்பானது. "ஸஹ்" என்றால் இந்தக் குறிப்பிட்ட பேச்சை நிறுத்து. "ஸஹின்" என்றால் எந்தப் பேச்சும் பேசாதே, வாயைக் கட்டு. எல்லா இஸ்மு ஃபிஃலுக்கும் இதே விதிதான்.

பழைய_கிதாபு
முதல் பாதி முழு மார்க். கடைசி வரியில் "எல்லா" என்றதுதான் வழுக்கல். "வாஹன்" என்று வியப்புக்கு ஒன்று உண்டு, தன்வீன் இல்லாமல் வராது. "நஸாலி", இறங்கு, இதற்குத் தன்வீன் வரவே வராது. ஸஹ், மஹ், ஈஹி, உஃப் போல இரண்டு விதமாகவும் வருகிற சிலவற்றில்தான் நீங்கள் சொன்ன வித்தியாசம் நிற்கும்.

இந்த ஈஹியில் ஒரு வழக்கே நடந்திருக்கிறது. "ஈஹி" என்றால் இன்னும் சொல், மேலே சொல் என்று அர்த்தம். துர்ரும்மா என்கிற கவிஞர், ஹிஜ்ரி 117ல் இறந்தவர், காதலி இருந்துவிட்டுப் போன வெற்று மனையின் முன்னால் நின்று அதனிடமே கேட்கிறார்: உம்மு ஸாலிமைப் பற்றி மேலே சொல். அங்கே "ஈஹி" என்று தன்வீன் இல்லாமல் சொல்லிவிட்டார். மொழி அறிஞர் அஸ்மயீ பிடித்துக்கொண்டார்: அரபிகள் தொடர்ந்து பேசும்போது தன்வீனோடு "ஈஹின்" என்றுதான் சொல்வார்கள், கவிஞர் தப்பு செய்துவிட்டார் என்று. மற்றவர்கள் கவிஞருக்காக வாதாடினார்கள். அவர் ஏதாவது பேசு என்று கேட்கவில்லை, உம்மு ஸாலிமைப் பற்றிய அந்த ஒரே பேச்சைக் கேட்கிறார், ஆகவே தன்வீன் இல்லாததுதான் சரி என்றார்கள். நான் கவிஞர் பக்கம். பாழடைந்த மனையிடம் போய் யாரும் பொதுவாக ஊர்க்கதை கேட்க மாட்டார்கள்.

ஹனாவின்_உம்மா
இரண்டு நாளாக வாசித்துக்கொண்டே இருக்கிறேன். தன்வீன் பேச்சு வந்ததால் "உஃப்" பற்றி ஒன்று. அல்இஸ்ராவில் 23வது வசனம், பெற்றோரிடம் "உஃப்" என்றுகூடச் சொல்லாதே. நாம் ஓதுகிற ஹஃப்ஸ் ஓதலில் "உஃப்பின்", நாஃபிஉ ஓதலிலும் அதேதான். இப்னு கஸீர், இப்னு ஆமிர் இருவரும் "உஃப்ப" என்று ஃபத்ஹாவில் ஓதினார்கள். அபூ அம்ரு, ஹம்ஸா, கிஸாயீ போன்றவர்கள் "உஃப்பி" என்று தன்வீன் இல்லாமல். அப்படியென்றால் ரஃபீக் பாய் கணக்குப்படி, ஒரு ஓதலில் எந்தச் சலிப்பும் கூடாது, இன்னொன்றில் அந்தக் குறிப்பிட்ட சலிப்பு கூடாது என்று அர்த்தம் மாறுமா? என் மாமியாரிடம் இதைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

இன்னொரு சந்தேகமும் உண்டு. என் மகள் ஹனாவுக்கு ஒண்ணேகால் வயசு. தரையில் கிடப்பதையெல்லாம் எடுத்து வாயில் போடுகிறாள். ஓமானில் இருந்தபோது பக்கத்து வீட்டு அரபிப் பெண் அவளைப் பார்த்து "கிஃக்! கிஃக்!" என்பார். நான் "ச்சீ, கக்கா" என்பேன். இரண்டுக்கும் துப்பிவிடுவாள். இந்தக் கிஃக் ஹதீஸிலேயே இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. ஹஸன் (ரலி) சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஸதகாப் பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டுக்கொள்ள, நபி (ஸல்) அவர்கள் "கிஃக் கிஃக்" என்று துப்ப வைத்தார்கள். இது ஸஹ் மாதிரியா, கண்ணன் அண்ணாவின் இஃக் மாதிரியா?

பழைய_கிதாபு
உஃப் விஷயம்: இலக்கணத்தில் வித்தியாசம் உண்டு, சட்டத்தில் இல்லை. எந்த உச்சரிப்பிலும் பெற்றோரிடம் முகம் சுளிக்கக் கூடாது. மாமியாரிடம் கேட்காததே நல்லது.

இப்போது கிஃக்கும் இஃக்கும். நஹ்வுக்காரர்கள் இதற்குத் தனிப் பை வைத்தார்கள், இஸ்மு ஸவ்த், ஓசைப் பெயர். அதில் இரண்டு வகை. ஒன்று, பகுத்தறிவு இல்லாததைப் பார்த்துப் போடுகிற சத்தம்: ஒட்டகத்துக்கு இஃக், குதிரைக்கு "ஹலா", கோவேறு கழுதைக்கு "அதஸ்". இன்னொன்று, கேட்ட சத்தத்தைத் திருப்பிச் சொல்வது: காக்கைக்கு "காக்", கல் விழுந்தால் "தக்". சின்னப் பிள்ளையை முதல் வகையில் சேர்த்தார்கள், புத்தி இன்னும் வரவில்லை என்று. ஹனா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஹாயில்_கண்ணன்
ஐயா, இதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. ஒட்டகத்துக்குப் புத்தி இல்லை என்று புத்தகம் எழுதினவர் ஒட்டகம் மேய்க்கவில்லை போலிருக்கிறது. இஃக் என்றால் உட்காரும். அதை எழுப்பவும் வேறு சத்தம் இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாது. நான் சொன்னேன், அது செய்தது. வாயை மூடு என்றதும் பையன் மூடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இலக்கண_டீச்சர்
கண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கேட்கிறவருக்குப் புத்தி உண்டா என்பது இலக்கணம் இல்லை, விலங்கியல். சொல்லுக்குள்ளேயே ஏதாவது சோதனை இருந்தால் சொல்லுங்கள்.

பழைய_கிதாபு
இருக்கிறது. அந்த முடிச்சைத்தான் கடைசியில் சொல்கிறேன் என்றேன்.

அரபியில் கட்டளை சொன்னால், அதன் பலனாக வருகிற அடுத்த வினை ஜஸ்மு ஆகும். "வா, உனக்குத் தருகிறேன்" என்றால் "தருகிறேன்" கடைசி எழுத்தில் சுகூன் பெற்று ஒடுங்கும். இப்போது அம்ரு பின் இத்னாபா என்கிற ஜாஹிலிய்யாக் கவிஞர். போர்க்களத்தில் நெஞ்சு பயத்தில் பொங்கும்போதெல்லாம் தன் நெஞ்சிடமே சொல்கிறார்: "மகானகி, துஹ்மதீ அவ் தஸ்தரீஹீ". உன் இடத்தில் நில், பாராட்டப்படுவாய், இல்லையென்றால் ஓய்வு பெறுவாய். "மகானகி" வெறும் "உன் இடம்" என்கிற இடப்பெயர்தான். ஆனால் பின்னால் பாருங்கள், "துஹ்மதீன" என்று வர வேண்டியது கடைசி நூன் உதிர்ந்து "துஹ்மதீ" ஆகியிருக்கிறது. இங்கே கட்டளைக்குப் பின்னால் வந்ததால்தான் இப்படி உதிர்ந்தது. ஆக அந்த இடப்பெயர் உண்மையான கட்டளையாக வேலை செய்திருக்கிறது. அதற்குள் நிற்கிறவன் ஒளிந்திருக்கிறான். வாக்கியம் முழுசு.

ஸஹ்ஹுக்கும் இது நடக்கும். "ஸஹ், உஹத்திஸ்க", பேசாமல் இரு, சொல்கிறேன் என்று ஜஸ்மு வரும். சிலது செயப்படுபொருளையும் எடுக்கும், "அலைக்கும் அன்ஃபுஸகும்" என்று அல்மாயிதாவில் 105வது வசனத்தில் "அன்ஃபுஸ" நஸ்பு வாங்கியிருக்கிறது, உங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று. இஃக்குக்குப் பின்னால் ஒரு பலன் வினையை ஒட்டவும் முடியாது, ஒரு செயப்படுபொருளைக் கொடுக்கவும் முடியாது. அது தனியாக வரும், தனியாகப் போகும். அதற்குள் ளமீர், அதாவது ஆளைக் காட்டுகிற பிரதிப்பெயர், இல்லை. ஒட்டகத்துக்குப் புத்தி இருக்கிறதா என்பது கண்ணன் தம்பிக்குத்தான் தெரியும். சொல்லுக்குள் ஆள் இல்லை என்பதுதான் எங்கள் வாதம்.

ஹனாவின்_உம்மா
அப்படியானால் கிஃக்? அந்த அரபிப் பெண் "கிஃக்" என்பதோடு நிறுத்துவார். பின்னால் எதுவும் ஒட்டிக் கேட்டதில்லை.

பழைய_கிதாபு
கிஃக் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். "விட்டுவிடு" என்கிற பொருளுக்கு இஸ்மு ஃபிஃல் என்று சிலர், பிள்ளைக்கான ஓசைதான் என்று சிலர். காஃபுக்கு ஃபத்ஹாவா கஸ்ராவா, தன்வீன் உண்டா இல்லையா என்பதிலும் பல விதம். புகாரி அந்த ஹதீஸை ஃபார்ஸி பேசுவது பற்றிய பாபிலும் கொண்டுவந்திருக்கிறார், அதனால் அரபிச் சொல்லே இல்லை என்றும் ஒரு பேச்சு. நான் ஓசைப் பக்கம், ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ரஃபீக்_துபாய்
"அதஸ்" என்றால் பருப்பு இல்லையா? இங்கே ஓட்டலில் ஷோர்பா அதஸ் தினம் குடிக்கிறேன். கழுதைக்கும் அதே பெயரா?

பழைய_கிதாபு
எழுத்து அதேதான், ஆள் வேறு. இது கோவேறு கழுதையை ஓட்டுகிற சத்தம், கடைசி ஸீன் எப்போதும் சுகூன். இதற்கு ஒரு கதை உண்டு. யஸீத் பின் முஃபர்ரிக் என்ற கவிஞர் ஸிஜிஸ்தான் ஆளுநர் அப்பாத் பின் ஸியாதைக் கேலி செய்து பாடி, சிறையில் கிடந்து நொந்து போனார். கடைசியில் விடுவித்து, ஏறிப் போக ஒரு கோவேறு கழுதையைக் கொடுத்தார்கள். ஏறியதும் அவர் வாயில் வந்த முதல் சொல் "அதஸ்!" அடுத்து கழுதையிடம் சொல்கிறார்: அப்பாதுக்கு உன்மேல் இனி அதிகாரம் இல்லை, நீ தப்பித்தாய், உன்மேல் இருப்பவன் விடுதலையானவன்.

பாருங்கள், ஓட்டுகிற சத்தமாக ஆரம்பித்தது அந்த அடியிலேயே கூப்பிடுகிற பெயர் மாதிரி ஆகிவிடுகிறது. சிலர் இங்கே அதஸ் என்பது கழுதையின் பெயர் என்றே சொன்னார்கள். புத்தியில்லாததற்கான சத்தம் என்கிற விதிக்கு முதல் உதாரணமாக நிற்கிற கவிதையிலேயே கவிஞர் கழுதையோடு அரசியல் பேசுகிறார். கண்ணன் தம்பிக்கு இது பிடிக்கும்.

ஹாயில்_கண்ணன்
பிடித்தது ஐயா. ராத்திரிக் காவலில் நானும் ஒட்டகத்திடம்தான் சம்பளப் பாக்கியைப் பற்றிப் பேசுவேன்.

இலக்கண_டீச்சர்
ஒரு ஐயம் மிச்சம் இருக்கிறது. வினை இல்லை, மஸ்தர் இல்லை, அலிஃப் லாம் ஏற்காது, எழுவாயாகாது. பிறகு எதற்காக இதைப் "பெயர்" என்று பிடிவாதமாகச் சொல்ல வேண்டும்? அரபியில் பெயர், வினை, இடைச்சொல் என்று மூன்றே பெட்டி என்றால், இது எதிலும் உட்காராத பொருள் என்று ஒத்துக்கொண்டால் என்ன?

பழைய_கிதாபு
தன்வீன்தான் காரணம் அம்மா. தன்வீன் பெயருக்கு மட்டுமே வரும், ஸஹின் என்று வருகிறது, ஆகவே பெயர். கூஃபா ஊர் இலக்கணக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பொருள் வினைப் பொருள், ஆகவே வினைதான் என்றார்கள். அபூ ஜஅஃபர் பின் ஸாபிர் என்பவர் இரண்டு பேரையும் விட்டுவிட்டு நாலாவது பெட்டி போட்டு "காலிஃபா" என்று பெயர் வைத்தார். யாரும் அவரை அதிகம் கண்டுகொள்ளவில்லை. பல நூற்றாண்டு கழித்து எகிப்தின் தம்மாம் ஹஸ்ஸான், 1973ல் வந்த தம் நூலில், அதே பெயரைத் தூசி தட்டி எடுத்து, இஸ்மு ஃபிஃல், ஓசை, வியப்புச் சொல், புகழ்ச்சி இகழ்ச்சிச் சொல் நாலையும் அதில் போட்டார். எனக்கு உஸ்தாத் சொல்லிக்கொடுத்தது பெயர் என்று. கையெழுத்து அங்கேதான் போடுவேன். ஆனால் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தால் நாலாவது பெட்டி நியாயமாகத்தான் தெரிகிறது.

ரஃபீக்_துபாய்
அப்போது "யல்லா", "கலாஸ்"? அதையெல்லாம் எந்தப் பெட்டியில் போடுவது?

இலக்கண_டீச்சர்
அதற்குத் தனி இழை திறங்கள் ரஃபீக். இது ஏற்கெனவே ஒட்டகம் ஏறிப் போய்விட்டது.

தாமத_மாணவன்
எல்லாருக்கும் நன்றி. இன்று வகுப்பில் "ஸஹூ" ஏன் தப்பு என்பதை "சரிங்க" உதாரணத்தோடு சொன்னேன். வாத்தியார் மார்க்கைத் திருத்தவில்லை. ஆனால் கரும்பலகையில் "இந்தாங்க" என்று தமிழில் எழுதிவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யூஸுஃப் சூராவில் 23வது வசனம், கதவுகளைச் சாத்திவிட்டு அவள் சொல்கிறாள், "ஹைத்த லக". வா என்று பொருள் போட்டிருக்கிறது. இது பலருக்குச் சொன்னால் எப்படி மாறும்?

பழைய_கிதாபு
ஹைத்த மாறாது தம்பி. பின்னால் இருக்கிற லாமைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஹைத்த லகுமா, ஹைத்த லகும். முகவரி முழுக்க "லக"வில்தான் இருக்கிறது. ஆனால் அந்த முதல் சொல்லை "ஹைத்து" என்றும் "ஹீத்த" என்றும் ஓதியவர்கள் இருக்கிறார்கள், ஹம்ஸா போட்டு "ஹிஃத்த" என்று ஓதியவர்களும் உண்டு. அந்தக் கடைசி ஓதலில் அது இஸ்மு ஃபிஃல்தானா, "தயாராகிவிட்டாய்" என்கிற வினையா என்று ஒரு பெரிய சண்டை. அஸருக்கு நேரமாகிவிட்டது, மறுபடி வருகிறேன்.